கொழித்தல் என்றால் தெள்ளுதல், தெள்ளுதல் என்றால் கொழித்தல்

தங்கையின் மகள் பள்ளிக்கூடத்தில் கோணேசர் பதிகத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. சம்பந்தர் பாடிய அந்தப் பதிகம், மூன்றாம் திருமுறையில் இருப்பது, திருகோணமலையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஓரளவு வாயில் வரும். பொருள் கேட்டால்தான் தடுமாறுவோம். அவளுக்குக் கொடுத்திருந்தது முதலாம் பாட்டின் பின்பாதி:

கரைகெழு சந்தும் காரகிற் பிளவும்
அளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகடல் ஓதம் நித்திலங் கொழிக்கும்
கோணமா மலையமர்ந் தாரே

கொப்பியில் அவள் எழுதியிருந்தாள்: "முத்துகள் நிறைந்து செழிக்கும் கடல் சூழ்ந்த கோணமலை." வாசித்தால் பிழை தெரியாது. "செல்வம் கொழிக்கும் ஊர்" என்று நாமும் சொல்கிறோம்தானே. எனக்கு ஒரு சின்ன நெருடல். நான் தட்டச்சு, அச்சு வேலை செய்பவன். கோயில் மலர், கலியாண வாழ்த்து, நினைவு மலர் என்று மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து அடித்தே பத்துப் பன்னிரண்டு வருடம் போய்விட்டது. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால் கண் அதில் போய் இடறும். இங்கே "ஓதம்" வேலையில்லாமல் நின்றது. கடலில் முத்து செழிக்கிறது என்றால் ஓதம் அங்கே என்ன செய்கிறது?

"மாமா, அகராதியைப் பாத்தால் முடிஞ்சுது" என்றாள் மருமகள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது முடிய இரண்டு நாள் ஆனது.

வீட்டில் இருப்பது அப்பா வைத்திருந்த பழைய தமிழ்-தமிழ் அகராதி. முன்னட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. அதனால் எந்த அகராதி என்றும் தெரியாது, உள்ளே வரும் சுருக்கக் குறிகளுக்கு என்ன பொருள் என்றும் தெரியாது. அட்டை போனால் பரவாயில்லை, குறிவிளக்கத் தாள் போனால் பாதி அகராதி போன மாதிரி. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன எழுத்து அது எந்த நூலில் வந்தது, எந்த ஊர் வழக்கு, இன்றைக்கும் புழங்குகிறதா என்று சொல்வதற்காக நிற்கிறது. எங்களுக்கு அது வெறும் புள்ளியும் எழுத்தும்.

முதலில் சொல்லைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பாட்டில் இருக்கும் உருவத்தில் அகராதியில் எதுவும் இருக்காது. மருமகள் "காரகிற்" என்று தேடி இல்லையென்று மூடிவிட்டாள். பின்னால் "பிளவும்" வருவதால் லகரம் றகரமாகியிருக்கிறது. அது கார் அகில். "நித்திலங்" என்பதில் ககரத்துக்கு முன் மகரம் ஙகரமாகியிருக்கிறது. தேட வேண்டியது நித்திலம். வினையென்றால் "கொழிக்கும்" என்று தேடக்கூடாது, "கொழித்தல்" என்று தேட வேண்டும். நான் இப்போது எந்தச் செய்யுளைப் பார்த்தாலும் முதலில் அதைச் சொல் சொல்லாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் அகராதியைத் திறக்கிறேன். இல்லாவிட்டால் இருக்கிற சொல்லையே இல்லை என்று விட்டுவிடுவோம்.

எங்கள் அகராதியில் கொழித்தலுக்கு மூன்று பொருள் போட்டிருந்தது: ஆராய்தல், செழித்தல், தெள்ளல். செழித்தலைக் கண்டதும் மருமகள் எழும்பப் பார்த்தாள். "இருடி, மற்ற ரெண்டும் என்னெண்டு பாப்பம்" என்று பிடித்து இருத்தினேன்.

தெள்ளல் என்றால் எனக்கும் சரியாகத் தெரியாது. தெள்ளுதலைப் புரட்டினோம். ஆராய்தல், கொழித்தல், தெளிவாதல். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். ஆராய்தலைப் பார்த்தால் சோதித்தல், தேர்தல். அலை முத்தைச் சோதிக்கிறது என்று எழுதினால் ரீச்சர் சிரிப்பார். அகராதிக்குள் இன்னும் இரண்டு பக்கவழி கிடைத்தது. நாவுதல் என்று ஒன்று: கொழித்தல். நேம்புதல் என்று ஒன்று: அதற்கும் கொழித்தல். புடைத்தலில் போய் நின்றால் அடித்தல், வீங்குதல், கொழித்தல். ஐந்து வினைகள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு வட்டமாக நிற்கின்றன. எதைத் தொட்டாலும் அடுத்ததைக் காட்டுகிறது. வட்டத்துக்கு வெளியே ஆள் இல்லை.

இது ஏன் இப்படி என்று எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. கோபம் குறைந்தது நிகண்டைப் பற்றிக் கொஞ்சம் வாசித்த பிறகு. நமது அகராதிகளுக்குத் தாய் நிகண்டு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள். அதில் பதினோராவது ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருளை எதுகை பார்த்து அடுக்கியிருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்கள் வரிசையாக வரும். அவையெல்லாம் மனப்பாடம் செய்வதற்கான பாட்டு. பாட்டெழுதுகிறவனுக்கு முத்து என்ற சொல் யாப்பில் உட்காரவில்லையென்றால் தரளம், நித்திலம், ஆரம் என்று கைக்கு எட்ட வேண்டும். முத்து என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் செய்தபோதுகூடப் பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்று நான்காக வகுத்தது இந்த மரபை ஒட்டித்தான். 1842இல் யாழ்ப்பாணத்தில் வந்த அகராதி, மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள், 58,500 சொற்களைத் தமிழிலேயே பொருள் சொல்லி அடுக்கியது. அத்தனை சொல்லுக்கும் வாக்கியமாக விளக்கம் எழுத முடியுமா? பக்கத்துச் சொல்லைக் காட்டிவிட்டு நகர்வதுதான் வழி. நிகண்டில் ஒரே பாட்டில் கூடி நின்ற சொற்களை அகரவரிசை பிரித்துப் பல பக்கங்களில் வைத்துவிட்டது. அவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வகை அகராதி ஒரு சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். அந்தக் கூட்டத்துக்குள் இது எப்படி வேறு என்று சொல்லாது. இதைத் தெரிந்துகொண்டு திறந்தால் ஏமாற்றம் இல்லை.

அன்றிரவு நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். வினைகள் வட்டமடித்ததில் சலித்துப்போய்ப் பெயர்ச்சொற்களுக்குத் தாவினேன். நித்திலம்: முத்து. முத்துக்கு இன்னொரு பெயர் ஆரம். ஆரத்தைப் பார்த்தால் சந்தனம், மாலை, முத்து. சந்தனத்துக்குச் சந்து என்றும் பெயர். அட, பாட்டிலேயே "கரைகெழு சந்தும்" இருக்கிறதே! நித்திலமும் சந்தும் ஒன்றுதான் என்று நான் சொல்ல, மருமகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அப்ப முத்தை அரைச்சு நெத்தியில பூசலாமோ மாமா?"

எங்கே வழுக்கினேன் என்று தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆரம் என்ற படியில் ஏறும்போது முத்து என்ற பொருளோடு ஏறினேன். இறங்கும்போது சந்தனம் என்ற பொருளில் இறங்கினேன். ஆரத்துக்கு இரண்டும் பொருள்தான், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை. வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் போய் அடுப்படி வழியாக வேறு ஒழுங்கையில் இறங்கின கதை. சந்து என்ற சொல்லிலும் இதே ஆபத்து உண்டு. சந்தன மரம் என்பது அதன் ஒரு பொருள். உடம்பின் மூட்டு, பிளப்பு, ஒடுங்கிய தெரு, தூது என்று வேறும் இருக்கின்றன. இன்னும் இரண்டு படி போயிருந்தால் முத்து எங்கள் பின்வளவு ஒழுங்கையாகியிருக்கும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. சங்கிலியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், நான் எந்தப் பொருளோடு அதற்குள் வந்தேன் என்று எழுதுகிறேன். அடுத்த சொல்லுக்குப் போவதென்றால் அதே பொருளின் கையைப் பிடித்துத்தான் போக வேண்டும். சந்தேகம் வந்தால் திரும்பி நடந்து பார்ப்பேன். தரளத்திலிருந்து முத்துக்கும் முத்திலிருந்து தரளத்துக்கும் போகலாம். பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. சந்தனத்திலிருந்து நித்திலத்துக்குத் திரும்ப முடியாது. திரும்ப முடியாத இடத்தில் எங்கோ பொருள் மாறிவிட்டது என்று அர்த்தம். எல்லா நேரமும் இது சரிவராது. சில அகராதிகள் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி மறுபக்கத்தை விட்டிருக்கும். ஆனாலும் முழு மோசம் போகாமல் காப்பாற்றும்.

அடுத்த நாள் காலை வட்டத்தை உடைத்தது அம்மா. அவர் அடுப்படி வாசலில் சுளகோடு இருந்தார். தம்பலகாமத்திலிருந்து சொந்தக்காரர் கொடுத்துவிட்ட அரிசி, கல்லும் குறுணலுமாகக் கிடந்தது. நான் சும்மா கேட்டேன்.

"அம்மா, புடைக்கிறதும் கொழிக்கிறதும் ஒண்டுதானே?"

"ஆர் சொன்னது?"

"அகராதி."

"அகராதி சுளகு பிடிச்சதோ?" என்றுவிட்டு, "இஞ்ச பார்" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

முதலில் சுளகை மேலே தூக்கித் தூக்கித் தட்டினார். அரிசி எழும்பி விழுந்தது. உமியும் தூசியும் முன்பக்கமாகப் பறந்தன. "இது புடைக்கிறது." பிறகு சுளகைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து வலமும் இடமுமாக அசைத்தார். எதுவும் பறக்கவில்லை. அரிசி வழுக்கி ஒரு பக்கம் போக, கல்லும் குறுணலும் மெல்ல மெல்லப் பிரிந்து இன்னொரு ஓரத்தில் ஒதுங்கின. விரலால் அதை வழித்தெடுத்துப் போட்டார். "இது கொழிக்கிறது. புடைச்சா லேசானது போகும். கொழிச்சா பாரமானது ஒதுங்கும்." தெள்ளுவதைக் கேட்டேன். மாவையும் தவிட்டையும் பிரிக்கிற மாதிரி நுணுக்கமாகச் செய்தால் அப்படிச் சொல்வார்கள் என்றார். நாவுதல், நேம்புதல் இரண்டையும் அவர் கேள்விப்பட்டதில்லை. "எங்கட பக்கம் அப்பிடிச் சொல்லுறேல்ல" என்று முடித்துவிட்டார்.

இது எங்கள் வீட்டுச் சுளகின் கணக்கு. வேறு ஊரில் வேறு அசைவுக்கு இதே பெயர் இருக்கலாம். ஆனால் வட்டத்துக்கு வெளியே ஒரு காலடி கிடைத்துவிட்டது. வினைச்சொற்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நின்றால், அந்த வினையைக் கையால் செய்கிற ஆளைத் தேடுவது புத்தகத்தில் பத்துப் பக்கம் புரட்டுவதைவிடக் கிட்ட. கமச் சொல்லுக்குக் கமக்காரர், கடற்சொல்லுக்குச் சம்மாட்டி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: "இதுக்கு என்ன பொருள்?" என்று கேட்டால் அவர்களும் அகராதி மாதிரி இன்னொரு சொல்லைத்தான் சொல்வார்கள். "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் கை அசையும்.

வயிற்றில் இருந்த ஆராய்தலும் அப்போதுதான் செரித்தது. கல்லையும் அரிசியையும் பிரிக்கிற கைவேலையிலிருந்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற மனவேலைக்குச் சொல் போயிருக்கிறது. நாங்கள் பார்த்த அகராதியில் ஆராய்தல் முதலில் நின்றது, அகரவரிசை காரணமாக. முதலில் நிற்பது முதற்பொருள் என்று நினைத்தால் பிழைத்துவிடும். கையால் தொடக்கூடிய பொருள் வரிசையில் எங்கே கிடக்கிறது என்று தேடி, அதிலிருந்து மற்றவை எப்படிக் கிளைத்தன என்று பார்த்தால் பெரும்பாலும் வழி பிடிபடுகிறது.

பின்னேரம் மூன்று பேரும் டச் பே பக்கம் நடக்கப் போனோம். அலை ஏறி இறங்கும் இடத்தில் மணலில் கறுப்புக் கோடு. சின்ன வயதில் அதை எண்ணெய்க் கறை என்று நினைத்திருக்கிறேன். அது பாரமான கனிம மணல். வடக்கே புல்மோட்டையில் அது பெருமளவில் கிடக்கிறது, இல்மனைற்று என்று அள்ளுவது அதைத்தான். அலை மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது. பாரமானது கரையில் கோடாகத் தங்கிவிடுகிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர், கீழே பார்த்துச் சொன்னார்: "கடலும் கொழிக்குது."

அதற்குப் பிறகு ஓதத்துக்கு நேரம் ஆகவில்லை. அகராதியில் ஓதத்துக்கு அலை, ஈரம், கடல், வெள்ளம் என்று நான்கு. நான்கையும் ஒவ்வொன்றாகப் பாட்டில் வைத்துப் பார்த்தோம். "குரைகடல் கடல்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஈரம் முத்தைக் கொழிக்காது. வெள்ளம் வந்தாலும் வரலாம், ஆனால் ஒலிக்கும் கடலுக்கு உரியது என்று பார்த்தால் அலைதான் இருக்கையில் சரியாக உட்காருகிறது. இதோடு செழித்தலும் விழுந்துவிட்டது. செழித்தலுக்குச் செயப்படுபொருள் வேண்டாம். முத்து தானே செழிக்கும், ஓதம் அந்தரத்தில் நிற்கும். பிரித்து ஒதுக்குதல் என்ற பொருளில் வைத்தால், கொழிப்பது ஓதம், கொழிக்கப்படுவது நித்திலம். எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. முன்வரியில் இருக்கும் "வரன்றி"யும் அதே ஓதத்தின் வேலைதான், வாரிக்கொண்டு வருவது. வாரி வந்ததைக் கொழிக்கிறது. அம்மா செய்த அதே ஒழுங்கு: முதலில் அரிசியை வாரிச் சுளகில் போடுவார், பிறகு கொழிப்பார்.

இத்தனைக்குப் பிறகும் நான் ஒரு சாட்சி தேடினேன், ஏனென்றால் அழகாகப் பொருந்துவதாலேயே ஒரு பொருள் சரியாகிவிடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து 1939இல் பின்னிணைப்பும் சேர்ந்தது, தமிழ் விளக்கத்தோடு ஆங்கில விளக்கமும் தருகிறது. தமிழ்ச் சொற்கள் வட்டமடிக்கும்போது அந்த ஆங்கிலப் பக்கம் வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஆள். அதில் சுளகில் பிரித்தெடுப்பதும் கொழித்தலில் இருக்கிறது, அலை கரையில் ஒதுக்குவதும் இருக்கிறது. இன்னொரு வசதி, அது வினைகளைக் "கொழி-த்தல்", "தெள்ளு-தல்" என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டும். "கொழிக்கும்" என்ற உருவம் எந்த வினையிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் அந்தக் கோடு தீர்த்துவைக்கும். ஒரே எழுத்தில் எழுதும் வெவ்வேறு சொற்களையும் அது எண்ணிட்டுத் தனித்தனியாக வைக்கிறது. ஆகவே எத்தனையாவது பதிவு என்பதையும் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. என்னுடைய ஆரம்–சந்தனக் கூத்து நடந்ததற்கு எங்கள் பழைய அகராதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டதும் ஒரு காரணம். மற்றக் காரணம் நான்.

உடனே லெக்சிகனைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்குமே என்று மருமகள் கேட்டாள். முடிந்திருக்கும். ஆனால் ஆங்கில விளக்கத்துக்கும் ஒரு குறை உண்டு. புடைத்தலுக்கும் கொழித்தலுக்கும் தெள்ளுதலுக்கும் அதில் வரும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் சுளகு இல்லாத நாட்டில் சுளகின் அசைவுக்குத் தனித்தனிப் பெயர் எதற்கு?

மருமகள் கடைசியில் எழுதியது: "ஒலிக்கும் கடலின் அலை, கரையிலுள்ள சந்தனத்தையும் கரிய அகில் துண்டுகளையும் அளவிட முடியாத மணிகளையும் வாரி வந்து, முத்துகளைக் கொழித்து ஒதுக்கும் கோணமாமலை." "கரைகெழு" என்பதைக் "கரையிலுள்ள" என்று அவள் தாண்டிப்போனது எனக்குத் திருப்தியில்லை. கெழு என்ன என்று கேட்டேன். அகராதியை மடியில் தூக்கி வைத்தாள். கெழுவுதல்: பொருந்துதல், நிறைதல். "இதில எது மாமா?" என்றாள். அம்மா உள்ளேயிருந்து சோறு ஆறுது என்று கூப்பிட்டார். தாளில் கெழுவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதைப் பக்க அடையாளமாக உள்ளே வைத்து மூடினோம்.